ஒரு சேலை, மூணு கட்டு

சிவகாசியில் தீபாவளி ஜவுளி வியாபாரம் பட்டாசு ஆபீஸ்களில் (தொழிற்சாலைகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) போனஸ் போட்ட மறுநாள் தொடங்கும். அதற்கு முன்னால் கடைக்காரர்கள் எல்லோரும் விளம்பரத்துக்கு அலைவார்கள். சீனிவாசகம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு வருடா வருடம் ஒரே விளம்பரம்தான். கடையின் முகப்பைப் படம் எடுத்து, அதன் மேல் பூ மழை பொழியவிட்டு, ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். உள்ளூர் கேபிள் டிவியில் பாட்டுக்குப் பாட்டு அது வரும். பார்க்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் அடுப்பைப் பார்க்க எழுந்து போவார்கள்.

2006-ஆம் வருடம் அந்த விளம்பரத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னவள் அவருடைய மருமகள் சொர்ணலட்சுமி. விருதுநகரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். கடையின் மாடியில் ஜாக்கெட் துணி பிரிவு அவள் பொறுப்பு. சேலை பிரிவு பக்கம் அவள் யோசனை எதுவும் இதுவரை இறங்கி வந்ததில்லை.

"ஒரே சேலை மாமா. அதையே ஒரு பொண்ணு மூணு விதமா கட்டி வாரா. நாம சேலை பேரு, வெலை ஒண்ணும் கத்த வேண்டாம். பாக்கிறவுக வாயப் பொளந்து பாப்பாக" என்றாள் ஒருநாள் மத்தியானம், அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே.

சீனிவாசகம் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்தார்.

"ஏம்மா சொர்ணம், ஒரு சேலைய மூணா காட்டுனா, மத்த ரெண்டு சேலைய யாரு வாங்குவா? கடைக்காரன் நானே போய் 'ஒண்ணு போதும், ரெண்டாவது வாங்காதீக'ன்னு சொல்லணுமாக்கும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் சரவணக்குமார் சிரித்துவிட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் சேலை பிரிவில் அலமாரி நிறைய உட்கார்ந்திருந்த மயில் கழுத்து நிறச் சேலைகள் அவள் கண்ணில் நின்றன. சூரத்திலிருந்து வந்த சரக்கு. உடம்பெல்லாம் மயில் கழுத்து, முந்தி மட்டும் கடுகு மஞ்சள். கையில் எடுத்துப் பார்க்காத பெண்ணே கிடையாது. எடுத்துப் பார்த்துவிட்டு, 'இந்த வெலைக்கு சாதா சேலை ரெண்டு எடுத்துரலாம்' என்று வைத்துவிட்டுப் போகாத பெண்ணும் கிடையாது.

"ரெண்டு சாதா சேலை எடுக்கிறவுக, இது மூணு சேலைக்குச் சமம்னு தெரிஞ்சா இத எடுப்பாக மாமா. இப்ப அந்தச் சரக்கு சும்மாதான கெடக்கு?"

அவர் மோரை ஊற்றச் சொன்னார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் பேசினார்.

"டிவிக்காரன்ட்ட நேரம் சொல்லி வச்சாச்சு. அதுல எதப் போட்டாலும் ஒண்ணுதான். எடு. ஆனா ஊரு சிரிச்சா அடுத்த வருசம் பழைய பூ மழைதான், பாத்துக்க."

படம் எடுக்கக் காளீஸ்வரன் வந்தான். திருத்தங்கலில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்டுவதும் அவனே. அவனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சேலையைத் தன் புடவைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு சொர்ணலட்சுமி காட்டினாள்.

"மொதல்ல நாம எப்பவும் கட்டுத கட்டு. இடது தோள்ல முந்தி, மடிப்பு வச்சு ஊக்கு குத்தியிருக்கும். பொண்ணு நேரா நின்னு சிரிக்கா. அப்படியே முந்திய இடது கையால விரிச்சு, மொகத்துக்கு முன்னால இடமிருந்து வலமா வீசுதா. துணி மொகத்தையும் உடம்பையும் மறைக்குது பாத்தியா, அந்த எடத்துல நீ வெட்டிரு. அடுத்த படமும் துணி மறைச்ச மாதிரியே தொடங்கணும். அதே மாதிரி வலப்பக்கமாவே போய்க்கிட்டே இருக்கணும். துணி வெலகுதப்ப முந்தி வலது தோள் வழியா முன்னால வந்து விழுந்திருக்கும். வடக்கத்திக்காரவுக கட்டுவாகள்ல, அது."

"ஒரே வீச்சுல மாறுன மாதிரி இருக்கும்" என்றான் காளீஸ்வரன். அவன் முகம் மலர்ந்திருந்தது. "அப்ப மூணாவது?"

"அவ நடந்து கேமராகிட்ட வாரா. மஞ்ச முந்தியத் தூக்கிக் கேமரா மேலயே போத்திருதா. டிவி முழுக்க மஞ்ச. முந்திய எடுக்கா. எடுத்தா பாவாட தாவணி கட்டுன மாதிரி நிக்கா. இடுப்பச் சுத்திக் கொசுவம், மேல மஞ்சத் தாவணி. அதே சேலைதான்."

பெண் வேண்டுமே என்று மதுரையில் கேட்டார்கள். சரிப்பட்டு வரவில்லை. சொர்ணலட்சுமிக்கு ஆள் கண்ணெதிரிலேயே இருந்தாள். சேலை பிரிவில் விற்பனைக்கு நிற்கும் எழில். ஆனைக்குட்டத்துப் பெண். நெடுநெடுவென்று வளர்த்தி. நாள் முழுக்க வருகிறவர்களுக்கு முந்தியைத் தோளில் போட்டுக் காட்டிக் காட்டி, துணி அவள் கைக்கு அப்படியே பணியும்.

எழிலுக்கு ஆசைதான். அவள் அம்மா குருவம்மாள் பட்டாசு ஆபீசில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள். விஷயம் கேள்விப்பட்டு வேலை விட்ட கையோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏந்தாயி, எம் பிள்ளைய டிவில ஆட விடப் போறீகளா?"

"ஆட்டம்லாம் இல்லத்தா. சேலை கட்டி நிக்கணும், அம்புட்டுத்தான். நீங்களும் வந்து பக்கத்துல இருங்க. ஒங்களுக்குப் புடிக்கலைன்னா அங்கனயே நிப்பாட்டிருவோம்."

"அப்ப வாரேன். பூராத்தையும் இருந்து பாப்பேன்" என்றாள் குருவம்மாள்.

முதல் நாள் எடுத்தது ஆனைக்குட்டம் அணைக்கரையில். தண்ணீரும் வானமும் பின்னால் இருந்தால் மயில் கழுத்து நிறம் எடுப்பாக இருக்கும் என்று காளீஸ்வரன் சொன்னான். காலையில் முதல் கட்டு அருமையாக வந்தது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, எழில் பாதம் நின்ற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டான். வேலிக்கருவேல மறைவில் போர்வையைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள் நிற்க, சொர்ணலட்சுமி கட்டை மாற்றினாள். காற்று கொசுவத்தைக் கலைத்தது. மறுபடி வைத்தாள். மறுபடி கலைத்தது. இரண்டாவது கட்டு முடிந்து எழில் கோட்டில் வந்து நின்றபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தார்கள். முந்தி வீச்சு பிசிறில்லாமல் சேர்ந்தது. ஆனால் முதல் படத்தில் எழிலின் நிழல் பக்கவாட்டில் நீளமாகக் கிடந்தது. இரண்டாவது படத்தில் நிழலையே காணோம். முகத்து வெளிச்சமும் வேறு. துணி மாறுவதற்குள் சூரியன் மாறியது அப்பட்டமாகத் தெரிந்தது.

"சேலையப் பாக்க மாட்டாக, நெழலத்தான் பாப்பாக" என்றாள் சொர்ணலட்சுமி. குரல் இறங்கிவிட்டது. ஒருநாள் வேலை போயிற்று. மாமாவுக்குத் தெரிந்தால் பூ மழைதான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குக் கடையின் மாடி அறை ஞாபகம் வந்தது. ஜாக்கெட் பிரிவுக்குப் பின்னால் சரக்கு போட்டு வைக்கும் அறை. ஜன்னலை மூடினால் கும்மிருட்டு. அங்கே சூரியனுக்கு வேலையில்லை. கல்யாண வீடியோவுக்குப் பிடிக்கும் விளக்குகளை வைத்துவிட்டால், காலையும் மத்தியானமும் ஒரே வெளிச்சம்.

கடை லீவு நாளில் மூட்டைகளை ஒதுக்கி, பின்னால் வெள்ளைத் திரை கட்டினார்கள். இந்தமுறை முதல் மாற்றம் இரண்டாவது தடவையிலேயே கூடிவிட்டது. முதல் தடவை எழில் துணியை வலமிருந்து இடமாக வீசிவிட்டாள். காளீஸ்வரன் அதைக் கேமராவிலேயே போட்டுக் காட்டியதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திக்கொண்டாள்.

படுத்தியது மூன்றாவதுதான். எழில் முந்தியைக் கேமரா மேல் போர்த்தியதும், கேமராவோடு இணைத்து வைத்திருந்த டிவியில் மஞ்சள் வரவில்லை. கறுப்பு வந்தது. துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? அது மட்டுமில்லை, துணியை எடுத்தவுடன் படம் வெள்ளையாகப் பொங்கி, பிறகுதான் அடங்கியது.

"இருட்டுன்னு நெனச்சு கேமரா தானா வெளிச்சத்தக் கூட்டிக்கிருது" என்று காளீஸ்வரன் அதன் தானியங்கியை அணைத்து, வெளிச்சத்தைக் கையாலேயே ஒரே அளவில் நிறுத்தினான். எழிலிடம் துணியை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொன்னான். விளக்கு ஒன்றைத் துணிக்குப் பின்னால் திருப்பினான். டிவிப் பெட்டி முழுக்கக் கடுகுப் பூ பூத்ததுபோல் மஞ்சள் பரவியது. குருவம்மாள் "அடி ஆத்தீ" என்றாள்.

கடைசிக் கட்டில் இன்னொரு சிக்கல். இடுப்பைச் சுற்றிலும் கொசுவம் வைத்ததில் துணி நிறையச் செலவாகி, முந்தி குட்டையாகிவிட்டது. மார்பில் முழுக்க மஞ்சள் விழ அதுதான் வசதி. ஆனால் நின்ற இடத்திலிருந்து கேமராவுக்கு முந்தி எட்டவில்லை.

சொர்ணலட்சுமி தலையில் கை வைத்தபோது காளீஸ்வரன் சிரித்தான். "அக்கா, துணி மூடிக் கெடக்கப்ப கேமரா எங்கன இருந்தா யாருக்குத் தெரியும்? நான் கிட்டக்க தூக்கிட்டு வாரேன்."

அப்படியே எடுத்தார்கள். மஞ்சள் விலக, எழில் முந்தியைத் தோளில் போட்டபடி இரண்டு எட்டுப் பின்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். சுற்றின வேகத்தில் கொசுவம் குடை விரிந்ததுபோல் விரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காதது அது.

படம் கேபிளில் வந்த அன்று சொர்ணலட்சுமி டிவி முன்னால் உட்கார்ந்தவள்தான். கடைசியில் கடைப் பேரோடு 'ஒரு சேலை, மூணு கட்டு' என்று எழுத்து மட்டும் ஓடியது. சீனிவாசகமும் பார்த்தார். அடுத்த பாட்டு முடிந்து விளம்பரம் மறுபடி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் முதல் ஊரெல்லாம் அதே பேச்சு. கடைக்குக் கூட்டமும் வந்தது. வந்து மயில் கழுத்துச் சேலையை எடுத்துப் பார்த்தது. ஆனால் பழையபடியே வைத்துவிட்டுப் போனது. சொர்ணலட்சுமிக்குப் புரியவில்லை. சேலை பிரிவில் எழிலோடு நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"மூணும் வேற வேற சேலைடி. ஒரே மாதிரி நெய்ஞ்சு வச்சுருக்கான்."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். சினிமாவுல பாம்பு பொம்பளையா மாறலையா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிசிறு தெரியாமல் ஒட்ட வேண்டும் என்று எம்புட்டுப் பாடுபட்டார்கள். பிசிறு தெரியாததாலேயே யாரும் நம்பவில்லை. சீனிவாசகம் மாடிக்கு வந்து, "நல்லாத்தாம்மா எடுத்திருந்த. ரொம்ப நல்லா எடுத்துட்ட, அதான் வெனை" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் குருவம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கையில் வெடி மருந்துத் தூசி கழுவியும் போகாமல் இருந்தது.

"தாயி, எனக்குப் பொய்க்காரின்னு பேரு வந்துருச்சு. நான் கூடவே இருந்தேன், கண்ணால பாத்தேன், ஒரே சேலைதான்னு தலையில அடிச்சுச் சொல்லுதேன். எங்கூட பேக்கிங் பண்ணுத அந்தப் பஞ்சம்மா, 'மகள டிவில காட்டுனதுக்கு ஆத்தா சாட்சி சொல்லுதா'ங்கா. ஆபீசு பூரா சிரிக்கு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சொர்ணலட்சுமி அவளை உட்கார வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஞாயித்துக்கெழம அவுகளக் கடைக்குக் கூட்டிட்டு வாரீகளா?"

"யார?"

"எல்லாரையும்."

மாமாவிடம் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளம் தனக்கு வேண்டும், பெண்கள் மட்டும்தான் உள்ளே, விற்பனைப் பையன்கள், சரவணக்குமார், மாமா உட்பட எல்லா ஆம்பிளைகளும் வெளியே என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. கடையை ஆரம்பித்த நாளிலிருந்து சீனிவாசகத்தைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னவர்கள் யாரும் கிடையாது.

"தீவாளி சீசன்ல, ஞாயித்துக்கெழம, கடை ஓனர் ரோட்டுல நிக்கணும்?"

"ஆமா மாமா."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "சரி" என்றார். "சீக்கிரம் முடி."

ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கலிலிருந்தும் ஆனைக்குட்டத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். குருவம்மாள் ஒரு ஆபீசைத்தான் கூட்டிவருவதாகச் சொன்னாள். விஷயம் பரவி நாலைந்து ஆபீஸ் வந்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வெளியே சீனிவாசகம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டிப் பார்த்த ஆம்பிளைகளை "ஏலே, அங்கிட்டுப் போ" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே பாயை விரித்து நடுவில் எழில் நின்றாள். ஜாக்கெட்டும் உள்பாவாடையும், மேலே ஒரு துண்டு. பஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்து முன்வரிசையில் நின்றாள்.

"நீங்க வச்சிருக்க சேலைய நம்ப மாட்டேன்" என்றாள்.

"அலமாரில இருந்து நீங்களே ஒண்ண எடுத்துத் தாங்க மதினி" என்றாள் சொர்ணலட்சுமி.

பஞ்சம்மாள் அடுக்கின் அடியிலிருந்து உருவி எடுத்தாள். பிரித்து உதறினாள். போதாதென்று முந்தியின் ஓரத்தில், கரைக்குப் பக்கத்து நூல் குஞ்சத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். "இப்பக் கட்டுங்க."

முதல் கட்டை எழில் தானே கட்டிக்கொண்டாள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அடுத்த கட்டுக்குச் சொர்ணலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள். வீடியோவில் முந்தி மறைத்துவிடும், வெட்டிவிடலாம். இங்கே அத்தனை கண்ணுக்கும் முன்னால் ஒவ்வொரு மடிப்பும் அவிழ வேண்டும். அவிழ்ப்பதை மறைக்கத் துணி இல்லை. அதனால் பேசிக்கொண்டே செய்ய ஆரம்பித்தாள்.

"கொசுவத்தத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தோள் ஊக்க மட்டும் கழட்டுங்க. முந்தி முதுகச் சுத்தி வலது கைக்கு அடியில தான வருது? அதை வலது தோளுக்கு மேல கொண்டுட்டு வாங்க. முன்னால விரிச்சு விடுங்க. ஓரத்த எடுத்து இடது இடுப்புல சொருகுங்க. முடிஞ்சது."

எழிலின் மார்பில் மஞ்சள் முந்தி பலகை மாதிரி விரிந்து நின்றது. பின்னால் யாரோ, "அம்புட்டுத்தானா!" என்றார்கள்.

"அம்புட்டுத்தான்" என்றாள் சொர்ணலட்சுமி. "அடுத்தது பூராவும் உருவணும். உள்பாவாட நாடாவ இறுக்கிக் கட்டிக்கோங்க, அதுதான் எல்லாத்தையும் தாங்கும். ஒரு ஓரத்துல தொடங்கி, சின்னச் சின்னதா மடிச்சு மடிச்சு இடுப்பச் சுத்திச் சொருகிட்டே வாங்க. அவசரப்படாதீக."

சொருகிக்கொண்டே எழிலைச் சுற்றி வந்தாள். பாதி வந்தபோது ஒரு பக்கம் கொசுவம் நழுவியது. வீடியோவாக இருந்தால் நிறுத்தியிருப்பாள். இங்கே குனிந்து மறுபடி சொருகினாள். முன்வரிசையில் ஒருத்தி தானாகவே வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, அடியில் கொசுவத்தை நேராகப் பிடித்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். மிச்சத் துணியை வலது கைக்கு அடியில் எடுத்து மார்பின் குறுக்கே இடது தோளில் போட்டதும் எழில் கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மயில் கழுத்துப் பாவாடை, கடுகு மஞ்சள் தாவணி.

பஞ்சம்மாள் எழிலின் முதுகுப்பக்கம் போய் முந்தியைப் பிடித்துத் தேடினாள். முடிச்சு இருந்தது. அவள் போட்ட அதே முடிச்சு. அதை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏய் குருவம்மா, நீ பொய் சொல்லலடி!"

கடையே அதிர்ந்தது. கைதட்டலும் குலவையும் சேர்ந்து எழும்ப, வெளியே சீனிவாசகம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குருவம்மாள் மகளைப் பார்த்தாளா, கூட்டத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்க அந்த ரெண்டாவதக் காட்டுங்க தாயி" என்று ஒரு குரல். "எனக்குக் கட்டி விடுங்க" என்று இன்னொன்று. அலமாரியிலிருந்து சேலைகள் தாமாக இறங்கின. சொர்ணலட்சுமி ஒருத்திக்கு, எழில் ஒருத்திக்கு என்று தொடங்கி, கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குக் கட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் இடம் கிடைக்காமல் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். வயசான ஒருத்தி, "நான் ஊக்கு குத்தத் தெரியாமத்தான் சுத்திக்கிட்டுத் திரிஞ்சேன், இது ஊக்கே வேண்டாம்போல" என்று இரண்டாவது கட்டைக் கட்டிக்கொண்டு அவிழ்க்க மறுத்துவிட்டாள்.

ஷட்டரைத் தூக்கியபோது முதலில் வெளியே வந்தவள் குருவம்மாள்தான். வலது தோளில் மஞ்சள் முந்தி விரிய, முதலாளியைத் தாண்டி நடந்து, "வழி விடுங்கப்பா" என்று தெருவில் நின்ற ஆம்பிளைகளை விலக்கினாள். அவளுக்குப் பின்னால் பஞ்சம்மாள். அவளுக்குப் பின்னால் கை நிறையப் பைகளோடு மற்றவர்கள்.

சீனிவாசகம் உள்ளே வந்தார். சேலை பிரிவு அலமாரியில் மயில் கழுத்து இருந்த அடுக்கு காலி. அடித்தட்டுப் பலகை தெரிந்தது. அவர் அந்தப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணே ஒண்ணு போதும்னு சொல்லுவாகன்னு நெனச்சேன்" என்றார்.

"தனக்குன்னு ஒண்ணுதான் மாமா எடுத்தாக" என்றாள் சொர்ணலட்சுமி. வேர்வையில் நெற்றிப் பொட்டு கரைந்து இறங்கியிருந்தது. "தங்கச்சிக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேசைக்குப் போய் டெலிபோனை எடுத்து நம்பரை அழுத்தினார். சூரத் கம்பெனிக்காரர் எடுத்ததும் ஒரு வார்த்தை பேசிவிட்டு, ரிசீவரைத் தன் கையாலேயே மருமகள் பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லு. எந்தக் கலருக்கு எந்த முந்தி வேணும்னு எனக்கு என்ன தெரியும்?"

சேலை பிரிவில் எழில் யாருக்கோ கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தாள். கடை முழுக்கச் சத்தம். சொர்ணலட்சுமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ரிசீவரை மறு காதோடு அழுத்திப் பிடித்து, அரக்கு நிறச் சேலைக்கு முந்தி என்ன நிறம் என்று உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.